செம்புக் கரைசலும் காலிப்ரேஷன் கோடும்: லேபில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

நிறமுள்ள ஒரு உலோக அயனிக் கரைசலின் செறிவை அப்சார்பன்ஸ் மூலம் கண்டுபிடிக்கும் பிராக்டிகல் நடக்கும்போதெல்லாம் ஏறத்தாழ இதே சந்தேகங்கள்தான் வரும். பேட்ச் மாறும், கேள்வி மாறாது. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். உதாரணம் முழுக்க ஒரே விஷயம்தான்: மயில்துத்தத்தில் உள்ள செம்பை அம்மோனியா சேர்த்து அடர்நீலமாக்கி அளப்பது. நிக்கல், கோபால்ட், இரும்பு என்று வேறு அயனியோடு வேலை செய்பவர்களுக்கு எண்கள் மாறும், வழி இதேதான்.

சார், இந்தக் கோடு எதுக்கு? கரைசலை மெஷின்ல வச்சா செறிவு நேரா வந்துடாதா?

வராது. கலரிமீட்டரோ ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரோ, அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று: உள்ளே போன ஒளியில் எவ்வளவு வெளியே வந்தது என்பது. அதை அப்சார்பன்ஸ் என்ற எண்ணாக மாற்றிக் காட்டுகிறது. 0.537 என்று காட்டினால் அது எத்தனை மோலார் என்று கருவிக்குத் தெரியாது. செறிவு தெரிந்த சில கரைசல்களை நாமே தயாரித்து, அதே கருவியில், அதே க்யுவெட்டில், அதே அலைநீளத்தில் அளந்து, செறிவுக்கு எதிராக அப்சார்பன்ஸை வரைந்தால் ஒரு நேர்கோடு கிடைக்கும். தெரியாத கரைசலின் எண்ணை அந்தக் கோட்டில் வைத்துச் செறிவைப் படிக்கிறோம்.

A = εcl என்ற பியர்-லாம்பர்ட் விதியின் சூத்திரத்தில், அப்சார்பன்ஸ் A-யையும் செறிவு c-யையும் க்யுவெட்டின் ஒளிப்பாதை நீளம் l-ஐயும் இணைக்கும் மாறிலியான ε-க்குப் புத்தகத்து மதிப்பைப் போட்டு நேராகக் கணக்கிடலாமே என்று சிலர் கேட்பார்கள். போடலாம், ஆனால் புத்தகத்து மதிப்பு நல்ல ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில், குறுகிய அலைநீளப் பட்டையில் எடுத்தது. உங்கள் மேஜையில் இருப்பது ஃபில்டர் போட்ட கலரிமீட்டர் என்றால், அந்த ஃபில்டர் பல பத்து நானோமீட்டர் அகலத்துக்கு ஒளியை விடும், அதனால் கிடைக்கும் சாய்வும் குறைவாகவே இருக்கும். உங்கள் கருவியின் சாய்வை உங்கள் கருவியிடமே கேட்டுத் தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தக் கோடு.

கரைசல் நீலமா இருக்கு, அப்போ நீல ஃபில்டர்தானே போடணும்? ஏன் சிவப்பு?

கரைசல் நீலமாகத் தெரிகிறது என்றால் நீல ஒளியை அது விட்டுவிடுகிறது என்று அர்த்தம். விட்டுவிடும் ஒளியை வைத்து எதையும் அளக்க முடியாது. அது விழுங்குவது ஆரஞ்சு, சிவப்புப் பக்கத்து ஒளியை. செம்பு-அம்மோனியா கூட்டயனி 600 நானோமீட்டரை ஒட்டி அதிகமாக உறிஞ்சுகிறது, எனவே அந்த இடத்து ஃபில்டரைப் போட வேண்டும். நீல ஃபில்டர் போட்டுப் பாருங்கள், செறிவை ஐந்து மடங்கு ஏற்றினாலும் முள் பெரிதாக அசையாது.

ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் இருந்தால் ஊகிக்க வேண்டியதே இல்லை. நடுத்தரச் செறிவுள்ள ஒரு கரைசலை வைத்து 500 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளத்தை நகர்த்தி, எங்கே உச்சம் வருகிறதோ அங்கே நில்லுங்கள். உச்சியில் அளப்பதில் ஒரு வசதியும் உண்டு. அங்கே வரைபடம் கிட்டத்தட்டத் தட்டையாக இருப்பதால் அலைநீளம் ஒன்றிரண்டு நானோமீட்டர் தவறினாலும் அப்சார்பன்ஸ் மாறாது. சரிவில் நின்று அளந்தால் அந்தச் சின்னத் தவறும் விடையில் தெரியும்.

மயில்துத்தமே நீலம்தானே, அப்புறம் எதுக்கு அம்மோனியா?

இரண்டு காரணம். வெறும் தண்ணீரில் உள்ள செம்பு அயனியின் நீலம் மிக வெளிறியது. அதன் உச்ச உறிஞ்சல் 800 நானோமீட்டரைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பக்கம் இருக்கிறது. சாதாரணக் கலரிமீட்டரின் ஃபில்டர்கள் 700 வாக்கில் முடிந்துவிடும் என்பதால் நாம் அந்த உறிஞ்சலின் வாலைத்தான் பிடிக்க முடியும். அம்மோனியா சேர்த்தால் உச்சம் 600 பக்கம் வந்துவிடுகிறது. அடுத்தது உணர்திறன். நீர் சூழ்ந்த செம்பின் ε உச்சத்திலேயே சுமார் 12, அம்மோனியாக் கூட்டயனிக்குச் சுமார் 50. நான்கு மடங்குக்கு மேல் கூடுதல்.

ஸ்டாண்டர்டு எத்தனை போடணும், எப்படிப் போடணும்?

ஐந்து போதும், கூடவே ஒரு பிளாங்க். முதலில் 0.1 மோலார் மூலக் கரைசல்: CuSO4·5H2O படிகம் 6.242 கிராம் எடைபோட்டு, தண்ணீரில் கரைத்து, 250 மி.லி. ஸ்டாண்டர்டு ஃப்ளாஸ்கில் குறிவரை நிரப்புங்கள். இங்கே ஒரு பழைய பொறி இருக்கிறது. படிகத்தின் மோலார் நிறை 249.68, நீரற்ற உப்பின் நிறை 159.61. பாட்டிலில் நீலப் படிகம் இருக்கும்போது 159.61-ஐப் போட்டுக் கணக்கிட்டால் 3.99 கிராம்தான் எடுப்பீர்கள், கரைசல் 0.1 அல்ல, 0.064 மோலார்தான் இருக்கும். அப்படியும் கோடு அழகான நேர்கோடாகவே வரும், விடைகள் மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல் கூடிவிடும்.

அதிலிருந்து பிப்பெட்டால் 2, 4, 6, 8, 10 மி.லி. என்று ஐந்து 50 மி.லி. ஃப்ளாஸ்குகளில் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 5 மோலார் அம்மோனியா 10 மி.லி. சேர்த்து (அடர் அம்மோனியா ஒரு பங்கு, தண்ணீர் இரண்டு பங்கு, கட்டாயம் புகைபோக்கி அறைக்குள்), தண்ணீரால் குறிவரை நிரப்பி, மூடி, பலமுறை தலைகீழாகக் கவிழ்த்துக் கலக்குங்கள். செறிவுகள் 4, 8, 12, 16, 20 மில்லிமோலார் ஆகின்றன. கவிழ்த்துக் கலக்காமல் மேல்பகுதியை மட்டும் க்யுவெட்டில் ஊற்றுவதுதான் பாதிக் குழப்பங்களுக்குக் காரணம்.

எல்லா ஃப்ளாஸ்கிலும் அம்மோனியா ஒரே அளவு இருக்க வேண்டும் என்பது சம்பிரதாயம் இல்லை. அம்மோனியா மிக அதிகமானால் செம்போடு நான்குக்கு மேல் ஐந்தாவது அம்மோனியாவும் சேர ஆரம்பித்து, உச்சம் நீண்ட அலைநீளத்தின் பக்கம் நகரும். ஒரு ஃப்ளாஸ்கில் 10 மி.லி., இன்னொன்றில் கண்ணளவாகக் கொஞ்சம் என்று ஊற்றினால் ஒரே கோட்டில் வெவ்வேறு நிறங்களை அடுக்கியது போல ஆகிவிடும்.

அம்மோனியா ஊத்தினதும் வெளிர்நீலமாக் கலங்கிடுச்சு. கீழே கொட்டிட்டு மறுபடி ஆரம்பிக்கணுமா?

வேண்டாம், மேலே சேருங்கள். முதல் சில துளிகளில் செம்பு ஹைட்ராக்சைடு மாதிரியான வீழ்படிவு வருவது இயல்பு, அம்மோனியா மிகும்போது அது கரைந்து தெளிவான அடர்நீலம் ஆகிவிடும். 10 மி.லி. முழுக்கச் சேர்த்துக் கலக்கியும் கலங்கலாகவே இருந்தால் அம்மோனியாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அடிக்கடி திறந்து மூடிய பாட்டிலில் அதன் செறிவு பாதிக்குக் கீழே போயிருக்கலாம்.

கலங்கலோடு மட்டும் அளக்காதீர்கள். மிதக்கும் துகள் ஒளியை உறிஞ்சாமல் சிதறடிக்கும். அது டிடெக்டருக்குப் போய்ச் சேராத ஒளி என்பதால் கருவி அதையும் உறிஞ்சலாகவே எண்ணி அப்சார்பன்ஸைக் கூட்டிக் காட்டும். ஒரு எளிய சோதனை: க்யுவெட்டை அசைக்காமல் சில நிமிடம் வைத்து மறுபடி படியுங்கள். எண் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால் துகள் அடியில் படிகிறது என்று அர்த்தம்.

பிளாங்க்குக்கு வெறும் தண்ணி வச்சுப் பூஜ்யம் பண்ணினா ஆகாதா?

அம்மோனியாவுக்கு இந்த இடத்தில் நிறம் இல்லை, அதனால் பெரும்பாலும் தண்ணீரும் அதே எண்ணைத் தரும். ஆனாலும் தண்ணீர் போதும் என்று நான் சொல்லமாட்டேன். செம்பைத் தவிர மற்ற எல்லாம் சேர்ந்ததுதான் பிளாங்க்: 10 மி.லி. அம்மோனியா, மீதி தண்ணீர், அதே 50 மி.லி. ஃப்ளாஸ்க். ரீஏஜென்ட் பாட்டிலில் செம்பு கலந்துவிட்டிருந்தால் (அழுக்குப் பிப்பெட்டை உள்ளே விட்டவர்கள் எப்போதும் இருப்பார்கள்) அது பிளாங்க்கிலும் இருக்கும், கழிந்துவிடும். தண்ணீரால் பூஜ்யம் செய்தால் அந்தக் கழிவு நடக்காது.

பிளாங்க்கை அளந்த அதே க்யுவெட்டிலேயே மற்றவற்றையும் அளங்கள், வெளிறியதிலிருந்து அடர்ந்ததற்கு என்ற வரிசையில். ஒவ்வொரு முறையும் அடுத்த கரைசலில் கொஞ்சம் எடுத்துக் கழுவி ஊற்றிவிட்டு நிரப்புங்கள். ஒளி போகும் இரண்டு முகங்களைத் தொடாமல் சொரசொரப்பான பக்கங்களைப் பிடியுங்கள். சுவரில் ஒட்டிய காற்றுக்குமிழி தெரிந்தால் தட்டிவிட்டு அளங்கள். அளக்கும்வரை ஃப்ளாஸ்குகள் மூடியே இருக்கட்டும், அம்மோனியா பறந்துவிடும்.

கருவி அளக்கிறது டிரான்ஸ்மிட்டன்ஸ்தானே, அதையே வரைஞ்சா என்ன?

வரையலாம், நேர்கோடு வராது, அவ்வளவுதான். கரைசலின் ஒவ்வொரு மெல்லிய அடுக்கும் தன்னிடம் வந்த ஒளியில் ஒரே விகிதத்தை விழுங்குகிறது. பாதியை விழுங்கும் அடுக்கு இரண்டு இருந்தால் மிஞ்சுவது கால்வாசி, மூன்று இருந்தால் அரைக்கால்வாசி. அதனால் டிரான்ஸ்மிட்டன்ஸ் செறிவோடு வளைந்து வளைந்து இறங்கும். அதன் மடக்கையை எடுத்துக் குறியை மாற்றினால் கிடைப்பதுதான் அப்சார்பன்ஸ், அது செறிவோடு நேராக ஏறும்.

டிரான்ஸ்மிட்டன்ஸ் மட்டும் காட்டும் பழைய கருவி என்றால் சதவீதத்தை 100-ஆல் வகுத்து, 10-அடி மடக்கை எடுத்து, குறியை மாற்றிக்கொள்ளுங்கள். 10 சதவீதம் என்றால் 1, 1 சதவீதம் என்றால் 2. இந்த இரண்டு எண்களும் நினைவில் இருக்கட்டும், கோடு ஏன் வளைகிறது என்ற கேள்வியில் தேவைப்படும்.

ஒரு கணக்கு முழுசாப் போட்டுக் காட்டுங்க சார்

மேலே சொன்ன ஐந்து ஸ்டாண்டர்டுகளுக்கு 1 செ.மீ. க்யுவெட்டில் வந்த அப்சார்பன்ஸ் இப்படி என்று வைத்துக்கொள்வோம்: 4 மில்லிமோலாருக்கு 0.208, 8-க்கு 0.411, 12-க்கு 0.622, 16-க்கு 0.823, 20-க்கு 1.031. கிராஃப் தாளில் அளவுகோல் வைத்தும் கோடு போடலாம். கணினியில் என்றால் செறிவை A2 முதல் A6 வரையும் அப்சார்பன்ஸை B2 முதல் B6 வரையும் போட்டு இரண்டே வரி:

```
=SLOPE(B2:B6,A2:A6)
=INTERCEPT(B2:B6,A2:A6)
```

சாய்வு 0.05145, வெட்டுத்துண்டு 0.0016 என்று வரும். சாய்வை மோலாருக்கு மாற்றினால் 51.45, அதாவது ε சுமார் 50 என்று முன்னால் சொன்னதோடு ஒத்துப்போகிறது. இதைச் சரிபார்க்கப் பத்து விநாடி ஆகும், மூலக் கரைசலில் பெரிய தவறு இருந்தால் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இப்போது தெரியாத கரைசல். அதில் 5 மி.லி. எடுத்து, ஸ்டாண்டர்டுகளைப் போலவே 10 மி.லி. அம்மோனியா சேர்த்து 50 மி.லி. ஆக்கினோம், அப்சார்பன்ஸ் 0.537. அதிலிருந்து 0.0016-ஐக் கழித்து 0.05145-ஆல் வகுத்தால் 10.41 மில்லிமோலார். இது ஃப்ளாஸ்கில் உள்ள செறிவுதான். 5 மி.லி.யை 50 ஆக்கியதால் பத்தால் பெருக்க வேண்டும்: 104.1 மில்லிமோலார், அதாவது 0.104 மோலார். செம்பாக லிட்டருக்கு 6.61 கிராம். இந்தப் பத்தால் பெருக்குவதை மறந்துவிட்டு ரெக்கார்டில் எழுதியதைத் திருத்தித் திருத்தியே சிவப்பு மை தீர்ந்துவிடும்.

கோடு பூஜ்யம் வழியாத்தான் போகணும்னு சொல்றாங்க. கணினியில கட்டாயப்படுத்திடலாமா?

விதிப்படி செம்பு இல்லையென்றால் உறிஞ்சலும் இல்லை, ஆகவே பூஜ்யம் வழியாகப் போக வேண்டியதுதான். ஆனாலும் கட்டாயப்படுத்தாமல் முதலில் அது தானாக எங்கே வெட்டுகிறது என்று பாருங்கள். மேலே உள்ள கணக்கில் 0.0016, கருவியின் கடைசி இலக்க ஆட்டத்துக்குள் அடங்கிவிடும், கவலையில்லை. 0.05, 0.1 என்று வந்தால் ஏதோ நடந்திருக்கிறது. ஒன்று பிளாங்க் சரியில்லை, அல்லது க்யுவெட் அழுக்கு, அல்லது கோடே உண்மையில் நேராக இல்லை. கட்டாயப்படுத்தினால் இந்த மூன்று தகவலும் மறைந்துபோகும், தவறு அப்படியே உள்ளே இருக்கும்.

என் கரைசல் 1.4 காட்டுது, ஸ்டாண்டர்டு 1.03-லயே முடிஞ்சுடுச்சு. கோட்டை நீட்டிப் படிச்சுக்கலாமா?

கூடாது. 20 மில்லிமோலாருக்கு மேல் கோடு நேராகப் போகிறதா என்று நீங்கள் பார்க்கவே இல்லை. தெரியாத கரைசலைக் குறைவாக எடுத்து மறுபடி செய்யுங்கள்: 5 மி.லி.க்குப் பதில் 2 மி.லி. எடுத்து, அம்மோனியாவோடு சேர்த்து 50 ஆக்குங்கள், எண் 0.56 பக்கம் வந்து கோட்டின் நடுவில் உட்காரும். அப்போது பெருக்க வேண்டியது 10 அல்ல, 25.

நிறம் வந்த கரைசலை க்யுவெட்டிலேயே தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்வது சுலபமாகத் தோன்றும், செய்யாதீர்கள். அம்மோனியாவும் சேர்ந்து நீர்த்துவிடும், ஸ்டாண்டர்டுக்கும் சாம்பிளுக்கும் ஒரே அளவு என்ற நிபந்தனை போய்விடும்.

இன்னும் அடர்த்தியா ஸ்டாண்டர்டு போட்டேன், மேல் பக்கம் கோடு வளையுது. விதி பொய்யா?

விதியைக் குறை சொல்லும் முன் கருவியைப் பாருங்கள். எந்தக் கருவியிலும் கரைசல் வழியாகப் போகாமலோ, தவறான அலைநீளத்திலோ கொஞ்சம் ஒளி டிடெக்டருக்குப் போய்ச் சேரும். இதைத் திரிந்த ஒளி என்று வைத்துக்கொள்வோம். அது 1 சதவீதம் என்றால் என்ன ஆகும்? உண்மையான அப்சார்பன்ஸ் 0.5 இருக்கும்போது சுமார் 32 சதவீத ஒளி வருகிறது, அதோடு 1 சதவீதம் சேர்ந்தால் பெரிய வித்தியாசமில்லை, கருவி 0.49 காட்டும். உண்மை 1 என்றால் 0.96 காட்டும். உண்மை 2 என்றால் வர வேண்டியதே 1 சதவீதம்தான், திரிந்தது இன்னொரு 1 சதவீதம், பாதிக்குப் பாதி பொய். கருவி 1.70 காட்டும். அதனால்தான் வளைவு எப்போதும் கீழ்நோக்கியே, அதுவும் அடர்ந்த முனையில்தான் வரும்.

ஃபில்டர் அகலமாக இருப்பதும் இதே திசையில் வளைக்கும், ஏனென்றால் குறைவாக உறிஞ்சப்படும் அலைநீளங்கள் அடர்ந்த கரைசலிலும் தப்பித்து வந்துகொண்டே இருக்கும். செம்பு-அம்மோனியாவின் உறிஞ்சல் பட்டை நல்ல அகலம் என்பதால் இதில் பாதிப்பு குறைவு. இந்தப் பிராக்டிகலை 0.1 முதல் 1 வரையிலான அப்சார்பன்ஸுக்குள் வைத்துக்கொண்டால் போதும் என்பது என் கருத்து. 4 முதல் 20 மில்லிமோலார் என்று முன்னால் எடுத்ததும் இதற்காகத்தான்.

R² 0.993 வந்துருக்கு. அப்போ கோடு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?

இதற்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் R²-ஐ மட்டும் பார்த்துவிட்டு எழுந்து போகிறவர்கள்தான் அதிகம். மேலே சொன்ன 1 சதவீதத் திரிந்த ஒளி உள்ள கருவியில் 8, 16, 24, 32, 40 மில்லிமோலார் ஸ்டாண்டர்டுகளை அளந்ததாகக் கணக்குப் போடுவோம். ε-ஐ 50 என்று எடுத்தால் காட்ட வேண்டியது 0.4, 0.8, 1.2, 1.6, 2.0. காட்டுவது 0.394, 0.778, 1.140, 1.459, 1.703. இதற்கு நேர்கோடு போட்டால் R² 0.993 வருகிறது. பார்க்க அருமை.

இப்போது அதே 8 மில்லிமோலார் கரைசலைத் தெரியாத கரைசல் என்று நினைத்து அந்தக் கோட்டில் படியுங்கள். விடை 7.0. பன்னிரண்டு சதவீதம் குறைவு, அதுவும் கோட்டைப் போடப் பயன்படுத்திய அதே கரைசலுக்கு! வெட்டுத்துண்டும் 0.105 என்று வருகிறது, பூஜ்யத்தைப் பற்றிய கேள்வியில் சொன்ன எச்சரிக்கை இதுதான்.

எனவே R²-க்குப் பதில் எச்சங்களைப் பாருங்கள், அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து எவ்வளவு மேலே அல்லது கீழே என்று. இந்த உதாரணத்தில் வரிசையாக −0.041, +0.013, +0.046, +0.034, −0.052. இரண்டு முனையும் கீழே, நடு முழுக்க மேலே, வில் மாதிரி. குறி இப்படி ஒரு ஒழுங்கோடு மாறினால் கோடு வளைந்திருக்கிறது. நல்ல கோட்டில் கூட்டலும் கழித்தலும் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும். இன்னொன்று, மூலக் கரைசலே தவறாக இருந்தால் R² 1.000 வந்தாலும் விடை தவறுதான், 159.61 பொறியில் பார்த்தோமே.

ஒரு புள்ளி மட்டும் தனியா வெளிய நிக்குது. அழிச்சுடலாமா?

முதலில் அதே ஃப்ளாஸ்கிலிருந்து புதிதாக க்யுவெட்டை நிரப்பி மறுபடி அளங்கள். எண் மாறி கோட்டுக்கு வந்துவிட்டால் குமிழியோ கைரேகையோ தான், புதிய எண்ணை எழுதிவிட்டுப் போங்கள். மாறவில்லை என்றால் அந்த ஃப்ளாஸ்க்தான் தவறு, பிப்பெட்டில் தவறாக எடுத்திருக்கலாம் அல்லது குறியைத் தாண்டி நிரப்பியிருக்கலாம். அந்த ஒன்றை மட்டும் புதிதாகத் தயாரியுங்கள். காரணம் தெரியாமல், கோடு அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக மட்டும் அழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வெளியே நிற்பது முதல் புள்ளியோ கடைசிப் புள்ளியோ என்றால் இன்னும் கவனம் வேண்டும், முனைப்புள்ளிதான் கோட்டை அதிகம் இழுக்கும்.

போன வாரம் போட்ட கோட்டை இந்த வாரமும் வச்சுக்கலாமா?

விளக்கு வயதாகும், ஃபில்டரை வேறு யாராவது மாற்றியிருப்பார்கள், அம்மோனியா பாட்டில் புதிதாக வந்திருக்கும். முழுதாக மறுபடி போட நேரமில்லை என்றால் பிளாங்க்கும் நடுவிலுள்ள 12 மில்லிமோலார் ஸ்டாண்டர்டும் மட்டும் புதிதாகத் தயாரித்து அளங்கள். அந்தச் செறிவுக்குப் பழைய கோடு சொல்லும் 0.619-ஐ ஒட்டி வந்தால் அந்தக் கோடு செல்லும். இரண்டு மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் புதிதாகப் போடுவதே நல்லது. பழைய நீலக் கரைசல்களை எடுத்து வைத்து அளக்காதீர்கள், அம்மோனியா போயிருக்கும். வேலை முடிந்த கரைசலைத் தொட்டியில் கொட்டாமல் செம்புக் கழிவுக்கான பாட்டிலில் ஊற்றுங்கள்.

பித்தளைத் துண்டுல செம்பு எவ்வளவு இருக்குன்னு இதே கோட்டை வச்சுப் பார்க்கலாமா?

பார்க்கலாம். 0.500 கிராம் பித்தளைச் சீவலைப் புகைபோக்கி அறைக்குள் 10 மி.லி. பாதிக்குப் பாதி நைட்ரிக் அமிலத்தில் கரையுங்கள். பழுப்புப் புகை நச்சு, அது முழுக்கப் போகும்வரை மெல்லச் சூடாக்கி, ஆறவைத்து, 100 மி.லி. ஃப்ளாஸ்கில் நிரப்புங்கள். அதில் 10 மி.லி. எடுத்து 50 மி.லி. ஃப்ளாஸ்கில் அம்மோனியா சேர்த்து அளக்கும்போது 0.524 வந்தால் ஃப்ளாஸ்கில் 10.15 மில்லிமோலார், ஐந்தால் பெருக்கினால் 50.8, 100 மி.லி.யில் செம்பு 323 மில்லிகிராம், அதாவது 64.5 சதவீதம். துத்தநாகத்தின் அம்மோனியாக் கூட்டயனிக்கு நிறம் கிடையாது, அது தொந்தரவு செய்யாது.

சிக்கல் அமிலத்தில் இருக்கிறது. மிஞ்சிய நைட்ரிக் அமிலம் அம்மோனியாவில் ஒரு பங்கைத் தின்றுவிடும், ஸ்டாண்டர்டுகளில் அந்த அமிலம் இல்லை. பித்தளை போடாமல் அதே 10 மி.லி. அமிலத்தைச் சூடாக்கி 100 ஆக்கி, அதில் 10 மி.லி. வீதம் பிளாங்க்கிலும் ஒவ்வொரு ஸ்டாண்டர்டிலும் சேர்த்தால் ஏறத்தாழச் சமமாகிவிடும். இரும்பு இருந்தால் அம்மோனியாவில் செம்பழுப்பு வீழ்படிவாகத் தெரியும், தெளியவிட்டு வடிகட்டாமல் அளக்க முடியாது. பித்தளை என்று கொடுத்தது வெண்கலமாக இருந்தால் அமிலத்தில் கரையும்போதே வெள்ளை வண்டல் நிற்கும், அது வெள்ளீயத்தின் ஆக்சைடு.

சாம்பிள்ல வேற ஏதாவது இருந்து கோட்டைக் கெடுக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

தெரிந்த அளவு செம்பைச் சாம்பிளிலேயே சேர்த்துப் பாருங்கள். பித்தளைக் கரைசல் 10 மி.லி. உள்ள இன்னொரு ஃப்ளாஸ்கில் 0.1 மோலார் மூலக் கரைசல் 2 மி.லி. கூடுதலாகச் சேர்த்து, மற்றதெல்லாம் அதேபோல் செய்து 50 ஆக்குங்கள். செறிவு 4 மில்லிமோலார் ஏறுகிறது, அப்சார்பன்ஸ் 0.206 ஏறி 0.730 ஆக வேண்டும். 0.71 அல்லது 0.70 என்று குறைவாக நின்றால் சாம்பிளில் ஏதோ ஒன்று செம்பின் நிறத்தை அடக்குகிறது, பெரும்பாலும் அம்மோனியா போதவில்லை என்பதாகத்தான் இருக்கும்.

ஆனால் இந்தச் சோதனைக்கு ஒரு குருட்டுப் பக்கம் உண்டு. நிக்கல் இருந்தால் அதுவும் அம்மோனியாவோடு நீலம் தரும், செம்பை விடப் பலமடங்கு மங்கல் என்றாலும் தன் பங்கைச் சேர்க்கும். சேர்த்த செம்புக்கு 0.206 சரியாக ஏறும், ஆனால் அடிப்படை 0.524-இலேயே நிக்கல் ஒளிந்திருக்கும். அதற்கு இரண்டாவது அலைநீளம் வேண்டும்: 600-இல் அளந்ததோடு 680-இலும் அளந்து, இரண்டு எண்களின் விகிதத்தை ஸ்டாண்டர்டிலும் சாம்பிளிலும் ஒப்பிடுங்கள். நிறம் தருவது செம்பு மட்டும் என்றால் விகிதம் ஒன்றாகவே இருக்கும், மாறினால் அந்தச் சாம்பிளுக்கு 600-இன் எண்ணை மட்டும் நம்பி விடை எழுதக்கூடாது.